மெல்லிய கார் தகட்டில் ஸ்பாட் வெல்டிங்: கரண்ட், நேரம், விசை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பேனல் பீட்டர் கடைகளுக்கு வெல்டிங் மெஷின் செட்டிங் பார்க்கப் போகும்போது ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஓசூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்த தம்பிகளும் அதையேதான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். வேறு வகை சொல்லாத இடத்தில் எல்லாம் 0.8 மி.மீ. சாதாரண எஃகுத் தகடு, இரண்டு பக்கமும் துத்தநாகப் பூச்சு உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வரும் பக்கி என்கிற பிக்கப் வண்டி, கார் வேலைகளில் பெரும்பகுதி அதுதான்.

கேஸ் இல்லை, கம்பி இல்லை. ரெண்டு செம்பு முனை அழுத்தினா தகடு எப்படி ஒட்டுது?

தகடே உருகி ஒட்டுகிறது. டிப் என்கிற அந்த இரண்டு செம்பு முனைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும்போது தகட்டின் மின்தடை அதைச் சூடாக மாற்றுகிறது. செம்பின் தடை குறைவு, போதாததற்கு உள்ளே தண்ணீரும் ஓடுகிறது. அதனால் டிப் பக்கம் சூடு தங்காது. இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் தடை அதிகம், குளிர்ச்சி குறைவு. உருகல் அங்கே தொடங்கி ஒரு சின்ன வில்லை மாதிரி வளர்கிறது. அதை நகெட் என்கிறோம்.

சூட்டின் கணக்கு Q = I²Rt. கரண்டின் வர்க்கம், தடை, நேரம் மூன்றும் பெருக்கல். மெஷினில் கரண்டும் நேரமும் நேராகத் தெரிகின்றன. தடைக்கு மட்டும் திருகு கிடையாது. அதைத் தீர்மானிப்பது நீங்கள் கொடுக்கும் விசை. பெரும்பாலான தகராறு இந்த மூன்றாவதில்தான் தொடங்குகிறது.

ஷாக் அடிக்குமா அண்ணே?

டிப் பக்கம் அடிக்காது. 10,000 ஆம்பியர் ஓடும்போது இரண்டு டிப்புக்கும் நடுவே இருப்பது சுமார் ஒரு வோல்ட். ஆனால் மெஷினுக்குள் வரும் 400 வோல்ட் வேறு விஷயம், மூடியைக் கழற்றாதீர்கள். கேபிளைச் சுற்றி பலமான காந்தப்புலமும் உண்டு. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது.

கரண்டைக் கொஞ்சமா வச்சு நேரத்தைக் கூட்டினா மெதுவா, பத்திரமா ஒட்டாதா?

கணக்கில் சரி போலத் தெரியும், தகட்டில் நடக்காது. 9.8 கிலோ ஆம்பியர், 240 மில்லி வினாடி என்று எடுத்துக்கொண்டால், தடை சுமார் 100 மைக்ரோ ஓம் என்ற கணக்கில் 2,300 ஜூல் சூடு பிறக்கிறது. நகெட்டில் உருகும் எஃகு கால் கிராமுக்கும் குறைவு. அதை உருக்க ஏறக்குறைய 250 ஜூல் போதும். மீதியெல்லாம் டிப்பின் தண்ணீருக்கும் சுற்றியுள்ள தகட்டுக்கும் போய்விடுகிறது.

சூடு வெளியேறும் வேகம் இவ்வளவு இருக்கும்போது, உள்ளே போடும் வேகம் அதை முந்தியாக வேண்டும். ஓட்டை வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பிடித்தால் எவ்வளவு நேரம் பிடித்தாலும் நிறையாது. ஆறு கிலோ ஆம்பியரில் ஒரு விநாடி பிடித்தால் தகடு நீலம் பாய்ந்து வளையும், துத்தநாகம் எரிந்து போகும், உள்ளே நகெட் இருக்காது. மெல்லிய தகட்டுக்கு அதிகக் கரண்ட், குறைந்த நேரம்தான் வழி.

பலமா அழுத்தினா பலமா பிடிக்கும்தானே?

இல்லை. விசையைக் கூட்டினால் தகடுகள் நெருங்கி, தொடும் பரப்பு கூடி, தடை குறைகிறது. அதே கரண்டில் சூடும் குறையும். மற்ற இரண்டையும் தொடாமல் விசையை மட்டும் ஏற்றினால் நகெட் சின்னதாகிவிடும், தகட்டில் பள்ளமும் விழும்.

விசை குறைந்தால் எதிர்ப்பக்கக் கேடு. தடை ஏகத்துக்கு ஏறும், சூடு ஒரே இடத்தில் குவியும், உருகிய எஃகைச் சுற்றி வளைத்துப் பிடிக்க ஆள் இருக்காது, அது தகடுகளுக்கு நடுவிலிருந்து பீறிட்டு வெளியே வரும். விசைக்கு இரண்டு வேலை: தகடுகளைச் சேர்த்துப் பிடிப்பது ஒன்று, உருகியதை உள்ளேயே அடைத்து வைப்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

சரி, கதையெல்லாம் இருக்கட்டும். 0.8-க்கு என்ன நம்பர் போடட்டும்?

பூச்சில்லாத 0.8 + 0.8 தகட்டுக்கு 8 கிலோ ஆம்பியர், 160 முதல் 200 மில்லி வினாடி, 2 கிலோ நியூட்டன் பக்கம் தொடங்கலாம். துத்தநாகப் பூச்சு இருந்தால் மூன்றையும் ஏற்ற வேண்டும். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிப் பரவிவிடும். கரண்ட் பாயும் பரப்பு பெரிதாகிறது, தடை விழுகிறது. அந்தத் துத்தநாகம் ஓரமாக ஒதுங்கிய பிறகுதான் எஃகின் முறை வரும். எஃகு உருக 1,500 டிகிரி அளவுக்கு ஏற வேண்டும்.

ஒரு பக்கியின் பின்பெட்டிப் பக்கத் தகட்டுக்கு செட் பண்ணிய விதத்தைச் சொல்கிறேன். டிப் முகம் 5 மி.மீ., விசை 2.5 கிலோ நியூட்டன், நேரம் 240 மில்லி வினாடி. இந்த மூன்றையும் அசைக்கவில்லை. வெட்டி எடுத்த அதே தகட்டிலிருந்து துண்டுகள் நறுக்கி, 8 கிலோ ஆம்பியரில் தொடங்கி அரை அரையாக ஏற்றி, ஒவ்வொன்றையும் இடுக்கியால் உரித்துப் பார்த்தோம். உரிக்கும்போது ஒரு தகட்டிலிருந்து பிய்ந்து மறுதகட்டோடு நிற்கும் வட்டத் துண்டுதான் பட்டன். 8-இல் பட்டன் இல்லை, சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. 8.5-இல் 3.2 மி.மீ. பட்டன். 9-இல் 3.8. 9.5-இல் 4.5. 10-இல் 4.9. 10.5-இல் நடுவிலிருந்து பொறி பீறிட்டது.

தேவையான பட்டன் எவ்வளவு என்பதற்குத் தகட்டுத் தடிமனின் வர்க்கமூலத்தை எடுங்கள். 0.8-க்கு அது 0.9. அதன் நாலு மடங்கு, அதாவது 3.6 மி.மீ., குறைந்தபட்சம். ஐந்து மடங்கு, 4.5 மி.மீ., நல்ல இலக்கு. ஆக 9-க்குக் கீழே ஆகாது, 10-க்கு மேலே ஆகாது. நடுவில் ஒரு கிலோ ஆம்பியர் இடம் இருக்கிறது. நாங்கள் 9.8-இல் வைத்தோம். நேர் நடுவில் வைக்காமல் பொறி பக்கம் சற்று ஒதுங்கி வைத்ததற்குக் காரணம், டிப் தேயத் தேய சூடு குறையும் பக்கமாகத்தான் நகரும். என் நம்பரை அப்படியே எழுதிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் மெஷினில் அந்தக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் எங்கே என்று கண்டுபிடியுங்கள்.

அமெரிக்க சார்ட்ல 12 சைக்கிள்னு இருக்கு. அதை அப்படியே போடலாமா?

அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஒரு சைக்கிள் 16.7 மில்லி வினாடி. தென்னாப்பிரிக்காவில் 50 ஹெர்ட்ஸ், ஒரு சைக்கிள் 20 மில்லி வினாடி. அவர்களுடைய 12 சைக்கிள் 200 மில்லி வினாடி, நமக்கு அது 10 சைக்கிள். அப்படியே 12 போட்டால் ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூடிவிடும். எந்த சார்ட்டாக இருந்தாலும் முதலில் மில்லி வினாடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பொறி பறந்தாத்தான் நல்லா பிடிச்சிருக்குன்னு எங்க பழைய ஃபோர்மேன் சொல்வார்.

சூடு போதுமான அளவு வந்தது என்பதற்கு அது சாட்சி, அந்த அளவில் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பறந்து போனது நகெட்டின் எஃகு. உள்ளே அந்த அளவுக்கு வெற்றிடம் விழும், தகடு மெலியும். பொறியைப் பார்த்து செட் பண்ணுவதானால், பொறி வரும் வரை ஏற்றிவிட்டு, பிறகு பொறி நிற்கும் அளவுக்கு இறக்குங்கள்.

பொறி எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். தகடுகளின் நடுவிலிருந்து வந்தால் கரண்ட் அதிகம் அல்லது விசை குறைவு. டிப்புக்கும் தகட்டுக்கும் நடுவிலிருந்து வந்தால் அழுக்கு, பெயின்ட், கோணலாக உட்கார்ந்த டிப், அல்லது டிப்புகளைத் தாங்கி அழுத்தும் கன் முழுசாக அழுத்தி முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது. கடைசியது என்றால், கரண்ட் வருவதற்கு முன் அழுத்திப் பிடிக்கும் ஸ்குவீஸ் நேரத்தை 300, 400 மில்லி வினாடிக்கு ஏற்றுங்கள். கரண்ட் நின்ற பிறகும் ஒரு 150 மில்லி வினாடியாவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நகெட் விசைக்குள்ளேயே இறுக வேண்டும்.

மேலே பார்த்தா அழகா வட்டமா இருக்கு. அப்புறம் எதுக்கு உரிச்சுப் பார்க்கணும்?

மேலே தெரியும் வட்டம் டிப்பின் அச்சு. நகெட் உள்ளே இருக்கிறது. 8 கிலோ ஆம்பியரில் போட்ட அந்தத் துண்டும் வெளியே அழகாகத்தான் இருந்தது. துத்தநாகம் மட்டும் உருகி, பற்றாசு வைத்த மாதிரி ஒட்டியிருந்தால் கையால் ஆட்டினாலும் அசையாது. மோதலில்தான் விடும்.

துண்டுத் தகட்டை உரித்தால் ஒரு தகட்டில் ஓட்டையும் மறுதகட்டில் பட்டனும் வர வேண்டும். பட்டனை வெர்னியரில் இரண்டு குறுக்காக அளந்து சராசரி எடுங்கள். வண்டியிலேயே பார்க்க வேண்டுமென்றால் இரண்டு ஸ்பாட்டுக்கு நடுவே மெல்லிய உளியை மெதுவாக இறக்குங்கள். தகடு வளைந்தும் ஸ்பாட் விடாமல் நின்றால் சரி, பிறகு தட்டி நேராக்கிவிடலாம்.

ரெகுலேட்டர்ல 5 பார் காட்டுது. டிப்ல எவ்வளவு விசைன்னு எப்படித் தெரியும்?

சிலிண்டரின் விட்டம் தெரிந்தால் கணக்குப் போடலாம். 80 மி.மீ. விட்டம் என்றால் பரப்பு 50 சதுர செ.மீ. ஒரு பார் என்பது சதுர செ.மீ.க்கு 10 நியூட்டன். 50, 5, 10 மூன்றையும் பெருக்கினால் 2,500 நியூட்டன், அதாவது 2.5 கிலோ நியூட்டன். சிலிண்டர் நேராகத் தள்ளும் சி வகை கன்னுக்கு இது பொருந்தும்.

கத்தரிக்கோல் மாதிரி அச்சில் திரும்பும் எக்ஸ் வகை கன் என்றால் நெம்புகோல் கணக்கு சேரும். அச்சிலிருந்து சிலிண்டருக்கு இருக்கும் தூரத்தை அச்சிலிருந்து டிப்புக்கு இருக்கும் தூரத்தால் வகுத்துப் பெருக்க வேண்டும். விசை அளக்கும் கேஜை டிப்புக்கு நடுவே வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. இன்னொன்று: ரெகுலேட்டரை கன் அழுத்தும் நேரத்தில் பாருங்கள். அதே லைனில் யாராவது பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தால் 5 பார் 4-க்கு இறங்கும், உங்கள் விசை 2 கிலோ நியூட்டனாகிவிடும், காரணமே தெரியாமல் பொறி பறக்கும்.

வீல் ஆர்ச் உள்ளே எட்டணும்னு நீள ஆர்ம் மாட்டினேன். அதே செட்டிங்ல ஒட்டவே இல்லை.

எக்ஸ் வகை கன் என்றால் முந்தைய கணக்கின்படி, ஆர்ம் இரட்டிப்பானால் விசை பாதி. ஆனால் விசை குறைந்தால் பொறிதானே பறக்க வேண்டும், ஒட்டாமல் போனது ஏன்? ஏனென்றால் கரண்டும் விழுந்திருக்கிறது. சாதாரண ஏசி மெஷினில் ஆர்ம் வளையம் பெரிதாகப் பெரிதாக அதன் தூண்டல் எதிர்ப்பு கூடும். அந்த வளையத்துக்குள் பக்கியின் எஃகுத் தகடும் நுழைந்துவிட்டால் இன்னும் கூடும். இன்வெர்ட்டர் வகை டிசி மெஷினில் இந்தப் பாதிப்பு மிகக் குறைவு. எந்த மெஷினாக இருந்தாலும், ஆர்ம் மாற்றினால் துண்டுத் தகட்டுச் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

காலையில நல்லா பிடிச்சது, மத்தியானம் பிரிஞ்சு வருது. செட்டிங்கைத் தொடவே இல்லை.

டிப்பைப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் துத்தநாகம் செம்போடு கலந்து பித்தளையாகிவிட்டது. அது மென்மையானது, அழுத்தத்தில் காளான் மாதிரி விரியும். 5 மி.மீ. முகம் 6 ஆனால் பரப்பு 44 சதவீதம் கூடும். 9.8 கிலோ ஆம்பியர் தந்த அடர்த்தியை அந்த முகத்தில் திரும்பப் பெற 14 கிலோ ஆம்பியர் வேண்டும். விசையும் அதே பெரிய பரப்பில் பரவி வீணாகிறது.

கரண்டை ஏற்றிச் சமாளிக்காதீர்கள், டிப்பைச் சீவுங்கள். டிரெஸ்ஸர் வைத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு நிமிடம் ஆகாது. அரத்தால் தேய்த்தால் முகம் கோணலாகும். புரோஸ்பெக்டன் டொயோட்டா ஆலை மாதிரியான பெரிய லைன்களில் ரோபோவே இடையிடையே போய் டிப்பைச் சீவிக்கொள்ளும். நடுவில் கரண்டைச் சிறிது சிறிதாக ஏற்றும் நிரலும் உண்டு. நமக்கு அது இல்லை, கண்ணால்தான் பார்க்க வேண்டும். டர்பன் பிப்ரவரி வெயிலில் தண்ணீர்த் தொட்டி சூடாகிக் கிடந்தால் டிப் இன்னும் சீக்கிரம் போகும். கையால் தொட்டு வெதுவெதுப்பாக இருந்தாலே நிறுத்தி ஆறவிடுங்கள்.

அப்போ அந்த ஜிங்க்கை அரைச்சு எடுத்துட்டு வெல்டு பண்ணினா தொல்லையே இல்லையே?

வெல்டு சுலபமாக வரும். ஆனால் கடலோர ஊரில் அந்த இடுக்கு துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. பெயின்டை மட்டும் எடுங்கள், துத்தநாகத்தை விடுங்கள். டிப் படும் வெளிப்பக்கம் சுத்தமாக இருக்கட்டும். உள்முகத்தில் பூச்சு போய்விட்டிருந்தால் வெல்டு செய்யத்தக்க துத்தநாக பிரைமரை மெல்லிசாக அடித்து, காயவிட்டு, அதோடேயே சோதனைத் துண்டும் போடுங்கள். கெட்டியாக அடித்தால் கரண்டே போகாது, இல்லாவிட்டால் பொறியாகக் கொட்டும். துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். காற்று போகும் இடத்தில் செய்யுங்கள்.

துண்டுல பட்டன் 4.9 வந்தது. வண்டியில அதே செட்டிங்ல உளி இறங்கிடுச்சு. எப்படி?

துண்டில் ஒரே ஒரு ஸ்பாட் வைத்திருப்பீர்கள். வண்டியில் பக்கத்திலேயே ஏற்கெனவே ஒட்டிய ஸ்பாட் இருக்கிறது. கரண்டில் ஒரு பங்கு அதன் வழியாகச் சுற்றிப் போய்விடும், புதிய இடத்துக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். இடைவெளி குறையக் குறைய இழப்பு கூடும். ஆகவே சோதனைத் துண்டில் முதலில் ஒரு ஸ்பாட், பிறகு வண்டியில் விடப்போகும் அதே இடைவெளியில் இரண்டாவது. உரித்து அளக்க வேண்டியது இரண்டாவதை. பழைய ஸ்பாட்டுகளுக்கு நடுவே கூடுதலாக நெருக்கிப் போட்டால் பலம் கூடும் என்ற எண்ணமும் இங்கேதான் அடிபடுகிறது.

இடைவெளி சரியாக இருந்தும் இப்படி வந்தால், தகடுகள் ஒன்றோடொன்று படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வளைந்த தகட்டை டிப்பே இழுத்துச் சேர்க்க வேண்டியிருந்தால் விசையில் ஒரு பகுதி அதற்கே செலவாகிறது. முதலில் கிளாம்ப் போடுங்கள்.

கரண்ட் போனா ஜெனரேட்டர்ல ஓட்டலாமா?

லோட் ஷெடிங் காலத்தில் பல கடைகள் இப்படி ஓட்டின. சாதாரண ஏசி மெஷினில் வரும் வோல்டேஜ் 10 சதவீதம் விழுந்தால் வெல்டிங் கரண்டும் ஏறக்குறைய அதே அளவு விழும். சூடு வர்க்கக் கணக்கு என்பதால் 19 சதவீதம் போய்விடும். 9.8-இல் வைத்தது 8.8 ஆகிவிடும், மேலே சொன்ன கீழ் எல்லைக்கு வெளியே. வெல்டு அடிக்கும் அந்தக் கால் விநாடியில் மட்டும் வோல்டேஜ் விழுவதால் சும்மா இருக்கும்போது மீட்டர் சரியாகவே காட்டும்.

கரண்டை அளந்து தானே சரிசெய்யும் மெஷின் என்றால் ஓரளவு தாங்கும், எல்லையைத் தாண்டினால் பிழை காட்டும். அப்படிப்பட்டது இல்லையென்றால் கட்டமைப்புப் பகுதி ஸ்பாட்டுகளை மெயின் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மூணு தகடு: வெளியே 0.7, உள்ளே ரெண்டு 1.2. கனமானது ரெண்டும் பிடிக்குது, மெல்லிசு கழண்டு வருது.

நகெட் மொத்தத் தடிமனின் நடுவில் பிறக்கும். மொத்தம் 3.1, நடு 1.55. அது நடுத்தகட்டுக்குள் விழுகிறது. மெல்லிய தகட்டின் இணைப்பு 0.7-இல், குளிர்ந்த டிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. நகெட் அங்கே எட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். நேரத்தைக் கூட்டினால் கனமான பக்கம் பொறி வரும், மெல்லிசு அப்படியே இருக்கும்.

மெல்லிய பக்கம் டிப் முகத்தைச் சிறிதாக வையுங்கள், கரண்ட் அங்கே குவியும். மெஷினில் இரண்டு பல்ஸ் வசதி இருந்தால், முதலில் குறைந்த நேரம் அதிகக் கரண்ட் என்று ஒரு அடி. தொடுபரப்பின் தடை இன்னும் அதிகமாக இருக்கும் அந்தக் கணத்தில் மெல்லிய இணைப்பு சூடேறிவிடும். பிறகு நீண்ட பல்ஸில் கனமான பக்கம் வளரும். இதற்கும் உரித்துப் பார்க்கும்போது இரண்டு இணைப்பையும் தனித்தனியாக உரிக்க வேண்டும்.

பி பில்லருக்கும் இதே 9.8 போட்டுடலாமா?

கூடாது. பல புது வண்டிகளில் முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே நிற்கும் பி பில்லரின் உள்தகடு சூடாக அச்சடித்த போரான் எஃகு. அதன் தடை அதிகம், ஆகவே கரண்ட் குறைவாகத்தான் கேட்கும். சூட்டிலும் கெட்டியாக நிற்பதால் விசை நிறைய வேண்டும், 4 கிலோ நியூட்டனுக்குக் கீழே உள்ள கன்னால் தகடுகளைச் சேர்க்கவே கஷ்டம். நேரமும் நீளம். வண்டிக் கம்பெனியின் ரிப்பேர் மானுவல் அந்த இடத்தில் ஸ்பாட் வெல்டையே அனுமதிக்கிறதா, எந்த மெஷினில், எத்தனை ஸ்பாட் என்று சொல்லியிருக்கும். அது கையில் இல்லாமல் அந்த வேலையை எடுக்காதீர்கள். உங்கள் கன்னால் அந்த விசை வராவிட்டால் கரண்டைக் கூட்டி ஈடுகட்ட முடியாது. ஏன் என்பதற்கு விசைக் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.